‘பணம் போயிடுச்சு’ என்று தட்டினால் வங்கி சாட்பாட் என்ன சொல்ல வேண்டும்?

ஆசிரியருக்கு,

வணக்கம். வங்கி சாட்பாட்களின் உரையாடல்களைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. ஒரு எக்ஸெல் தாள் வரும். ஒரு பத்தியில் ஆங்கிலம், பக்கத்துப் பத்தி காலி. பதில்களோடு, வாடிக்கையாளர் கேட்கக்கூடிய மாதிரிக் கேள்விகளையும் அப்படியே மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

வாடிக்கையாளர் எதற்காக வந்திருக்கிறார் என்பதை ‘இன்டென்ட்’ என்பார்கள். மாதிரிக் கேள்விகளை வைத்துத்தான் சாட்பாட் அதைக் கண்டுபிடிக்கும். தாளில் ‘எனது கணக்கில் அங்கீகரிக்கப்படாத பரிவர்த்தனை நடந்துள்ளது’ என்று இருக்கும். பதற்றத்தில் இருப்பவர் ‘பணம் போயிடுச்சு’ என்றுதான் தட்டுவார், அதையும் பலர் ஆங்கில எழுத்தில். ஏடிஎம்மில் நோட்டு வராமல் கணக்கில் மட்டும் கழிந்தவரும் இதையேதான் சொல்வார். ‘போயிடுச்சா’ என்று கேட்பவரோ, அனுப்பிய பணம் சேர்ந்ததா என்று பார்க்க வந்தவர்.

ஏடிஎம் சிக்கலுக்கு ரிசர்வ் வங்கியின் 2019 விதி, பணத்தைத் திருப்பிப் போட 5 நாள் தருகிறது. தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. மோசடிக்கு 2017 சுற்றறிக்கை வேறு கணக்குச் சொல்கிறது: வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாதபோது, வங்கியின் தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் புகார் செய்தால் அவருக்கு முழுப் பாதுகாப்பு. மோசடியில் பணம் இழந்தவரிடம் ‘5 நாள் காத்திருங்கள்’ என்று சாட்பாட் சொல்லிவிட்டால் அந்தக் கெடு கைநழுவிப் போகும். அதனால் மாதிரிக் கேள்விகளைத் தமிழ் வாடிக்கையாளர்கள் உண்மையில் தட்டியவற்றிலிருந்து, பெயரும் கணக்கு எண்ணும் நீக்கி, எடுக்க வேண்டும்.

சந்தேகம் வரும்போது சொல்லும் ஃபால்பேக் பதிலும் முக்கியம். ‘மன்னிக்கவும், புரியவில்லை, வேறு விதமாகக் கேளுங்கள்’ என்பது பழியை வாடிக்கையாளர் மேல் போடுகிறது. ‘ஏடிஎம்மில் பணம் வரவில்லையா? நீங்கள் செய்யாத பரிமாற்றமா? அனுப்பிய பணம் சேரவில்லையா?’ என்று மூன்று பொத்தான்கள் காட்டினால் போதும். இரண்டாம் முறையும் புரியவில்லை என்றால் ஊழியரிடம் இணைத்துவிட வேண்டும். மோசடி என்று தெரிந்ததும் கார்டை பிளாக் செய்யும் வழியும் 1930 உதவி எண்ணும் முதல் வரியிலேயே வர வேண்டும்.

அப்புறம், மரியாதை. பதிலில் ‘நீங்கள்’ என்று பேசிவிட்டுப் பொத்தானில் ‘அனுப்பு’, ‘தேர்ந்தெடு’ என்று இருக்கிறது. இரண்டையும் வெவ்வேறு ஆட்கள், திரையைப் பார்க்காமலே மொழிபெயர்ப்பதால் வரும் வினை இது. பணம் இழந்தவர் புகாரை அனுப்பியதும் ‘அருமை! உங்கள் கோரிக்கை பதிவானது’ என்று வருவதையும் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எல்லா இன்டென்டுக்கும் பொதுவாக எழுதிய வரி அது. மோசடிப் புகாருக்குத் தனியாக ஒரு வரி எழுத எங்களுக்கு அனுமதி தர வேண்டும். வெளியிடும் முன் வங்கியின் கிளை ஊழியர் ஒருவர் அந்த உரையாடலைத் தமிழில் தட்டிப் பார்க்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மொழிபெயர்ப்பாளர், திருச்சி