பிப்ரவரி 1 முதல் சாக்லேட் கேக் விலை ஏறுகிறது

கோவை, ஜனவரி 2025

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி 1 முதல் ஒரு கிலோ சாக்லேட் டிரஃபிள் கேக் 1,200 ரூபாயிலிருந்து 1,350 ஆகிறது. அரைக் கிலோ 640-இலிருந்து 715. பிரௌனி ஒன்றுக்கு 70 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன், இனி 80. சாக்லேட் சேராத எதற்கும் விலை ஏறவில்லை. வெனிலா ஸ்பாஞ்ச், வாழைப்பழ கேக், தேங்காய் பிஸ்கட், வெண்ணெய் குக்கி எல்லாம் பழைய விலைதான். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று சிலர் யோசனை சொன்னார்கள். வாராவாரம் தேங்காய் பிஸ்கட் மட்டும் வாங்கும் பாட்டி, யாரோ வெட்டப்போகும் டிரஃபிள் கேக்குக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

காரணம் கோகோ. உலகத்தின் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் விளைகிறது. 2023-இல் அங்கே மழை அளவுக்கு மீறிப் பெய்து காய்கள் மரத்திலேயே கறுத்து அழுகின. பின்னால் வறட்சி வந்தது. இதோடு, தண்டு வீங்கி மரமே சாகும் ஒரு வைரஸ் நோயும் பல வருடங்களாகப் பரவிக்கொண்டிருக்கிறது. அது வந்த மரத்துக்கு மருந்து கிடையாது, பிடுங்கி எறிய வேண்டியதுதான். பல காலம் டன் 2,500 டாலரை ஒட்டியே இருந்த கோகோ, 2024-இல் 10,000 டாலரைத் தாண்டியது. போன டிசம்பரில் 12,000-த்தையும் தாண்டிவிட்டது.

"நம்ம பொள்ளாச்சியிலேயே தென்னந்தோப்புக்குள்ள கோகோ இருக்கே, அதை வாங்கக் கூடாதா?" என்று ஒரு அண்ணா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே விளைவது நம் நாட்டுத் தேவைக்கே போதாது. வாங்கும் கம்பெனிகளும் உலகச் சந்தையைப் பார்த்துத்தான் விலை வைக்கின்றன. அதனால் ஆனைமலைக் கொட்டையும் ஆப்பிரிக்கக் கொட்டையோடு சேர்ந்தே ஏறியது. தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வருடம். அவர்களில் இரண்டு பேர் எனக்கும் வாடிக்கையாளர்கள், அவர்கள் மட்டும் இந்த மடலைச் சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

சரி, 150 ரூபாய் எப்படி வந்தது என்ற கணக்கு. ஒரு கிலோ டிரஃபிள் கேக்கில், சாக்லேட்டும் கிரீமும் கலந்து செய்யும் கனாஷுக்கும் மேல் பூச்சுக்குமாக 280 கிராம் டார்க் சாக்லேட் போகிறது. ஒன்றரை வருடத்துக்கு முன் நான் கிலோ 620-க்கு வாங்கிய சாக்லேட் இப்போது 1,050. கேக் ஒன்றுக்கு இதிலேயே 120 ரூபாய் கூடிவிட்டது. ஸ்பாஞ்சுக்கு 40 கிராம் கோகோ பவுடர். அது கிலோ 550-இலிருந்து 1,250 ஆனதில் இன்னொரு 28 ரூபாய். வெண்ணெய், கிரீம், அட்டைப் பெட்டி மூன்றும் சேர்ந்து 20 ரூபாய் போல ஏறியிருக்கின்றன. மொத்தம் 168. அதில் 150-ஐ உங்களிடம் கேட்கிறேன், மிச்சம் என் பக்கம். முட்டையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நாமக்கல் விலை கிறிஸ்துமஸுக்கு முன் ஏறி அப்புறம் இறங்குவது வருடாவருடம் நடப்பதுதான். அதற்காக நான் விலையை மாற்றியதில்லை, இனியும் மாற்றமாட்டேன்.

விலையை ஏற்றாமல் சமாளிக்க ஒரு சுலபமான வழி இருந்தது. காம்பவுண்ட் சாக்லேட்டுக்கு மாறியிருக்கலாம். அது நான் வாங்குவதில் பாதி விலைகூட இல்லை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எங்கே கேக் வாங்கினாலும் உங்களுக்கு உதவும்.

உண்மையான சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு கோகோ பட்டர். கிட்டத்தட்ட 34 டிகிரியில், அதாவது நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே, அது உருகிவிடும். அதனால்தான் வாயில் போட்டதும் கரைந்து காணாமல் போகிறது. காம்பவுண்டில் கோகோ பட்டருக்குப் பதிலாகப் பாமாயில் வகைக் கொழுப்பைக் கெட்டியாக்கிச் சேர்க்கிறார்கள். நம் ஊர் வெயிலைத் தாங்க வேண்டும் என்பதற்காக அது சீக்கிரம் உருகாதபடி செய்யப்படுவது வழக்கம். சாப்பிட்டு முடித்தபின் மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல ஏதோ ஒட்டிக்கொண்டு, வெந்நீர் குடித்தால்தான் போகிறது என்றால் அது காம்பவுண்ட். பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்தாலும் தெரிந்துவிடும். கோகோ பட்டர் என்று இருக்கிறதா, ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

காம்பவுண்டைக் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. கேக் மேல் வைக்கும் பெயர்ப் பலகை, எழுத்து, பூ இவற்றுக்கு நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன், வெயிலில் நிற்கும். கனாஷில் மட்டும் அதைச் சேர்ப்பதாக இல்லை. டிரஃபிள் கேக்கில் பாதி எடை கனாஷ்தான். அதை மாற்றிவிட்டால் நீங்கள் கேட்டு வாங்கும் கேக்கே வேறாகிவிடும்.

எடையைக் குறைக்கும் யோசனையையும் விட்டுவிட்டேன். ஒரு கிலோ என்றால் அடியில் இருக்கும் அட்டையைச் சேர்க்காமல் ஒரு கிலோ. சந்தேகம் இருந்தால் வாங்க வரும்போது சொல்லுங்கள், உங்கள் முன்னாலேயே தராசில் வைக்கிறேன்.

1,350 அதிகம் என்று தோன்றுபவர்களுக்கு என்னிடம் இருக்கும் இன்னொரு கேக், சாக்லேட் கிரீம் கேக். அதே கோகோ ஸ்பாஞ்ச், நடுவில் கனாஷுக்குப் பதில் அடித்த கிரீம், மேலே மட்டும் மெல்லிய கனாஷ். சாக்லேட் 90 கிராம்தான் போகும். அதனால் ஏற்றமும் குறைவு: ஒரு கிலோ 900 ரூபாய், இனி 980. குழந்தைகள் பிறந்தநாளுக்கு நான் இதையே சொல்வேன். டிரஃபிளின் லேசான கசப்பு பல பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை, பாதியைத் தட்டில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். பெரியவர்கள் அதிகம் இருக்கும் விசேஷம் என்றால் டிரஃபிள் வாங்குங்கள்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்தவர்களுக்குத் தேதி எதுவானாலும் பழைய விலைதான். இந்த மாதம் 31-ஆம் தேதிக்குள் பாதிப் பணம் கொடுத்துப் பதிவு செய்தால், மார்ச் முடிய எந்தத் தேதிக்கும் 1,200-க்கே செய்து தருகிறேன். சாக்லேட்டைக் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பதால் இது முடிகிறது. ஆனால் அந்த இருப்பு 40 கேக்குக்குத்தான் வரும். அதற்குள் பதிவு நிறைந்துவிட்டால் உடனே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவேன்.

விலை திரும்ப இறங்குமா என்று கேட்பீர்கள். கோகோக் கன்று நட்டால் காய்க்க மூன்று வருடமாவது ஆகும் என்பதால், பழைய 620-க்கு உடனே வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் ஜூன் மாதம் கணக்கை மறுபடி போடுவேன். நான் வாங்கும் சாக்லேட் கிலோ 800-க்குக் கீழே வந்திருந்தால் டிரஃபிள் கேக்கில் 70 ரூபாய் குறைப்பேன். இறங்காவிட்டால் இதே விலை தொடரும். 800-க்கும் 1,050-க்கும் நடுவில் ஏறினாலும் இறங்கினாலும் மாற்றமாட்டேன். மாதத்துக்கு ஒரு விலை சொன்னால் உங்களுக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம்.

பிப்ரவரியில் கல்யாண நாள், பிறந்தநாள் வைத்திருப்பவர்கள் தேதியையும் எடையையும் சொல்லி ஒரு செய்தி அனுப்புங்கள். முட்டையில்லாத கேக் வேண்டும் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அதற்கும் இதே விலைதான்.

அன்புடன்,
உங்கள் வீட்டு பேக்கரி