மேசையில் படுத்திருப்பவரிடம் கேட்காதீர்கள்: இருதய சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இருதய சிகிச்சைப் பிரிவு வைத்தியர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். வன்னியில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியின் நீரிழிவுக் கிளினிக்கில் நான் தாதியாக வேலை செய்கிறேன். இந்த மடலை எழுதுவது என் அப்பாவின் மகளாகவும்தான்.

அப்பாவுக்கு 61 வயது. பதினேழு வருடமாகச் சீனி வருத்தம். வயலுக்கு நடந்தால் நெஞ்சு இறுக்கும், நின்றால் விடும். ஆறு மாதமாக இதே அளவில்தான் இருந்தது. உங்களிடம் அஞ்சியோகிராமுக்கு வந்தார். மணிக்கட்டில் குழாய் இருக்கும்போதே, மேசையில் படுத்திருந்தவரிடம் ஒருவர் குனிந்து சொல்லியிருக்கிறார்: "மூன்று குழாயிலும் அடைப்பு ஐயா. ஒன்றுக்கு இப்பவே ஸ்டென்ட் வைக்கலாம், இல்லாவிட்டால் பெரிய ஒப்பரேஷன். என்ன செய்வம்?" அப்பா "நீங்கள் சொன்னபடி" என்றார். வெறும் மேலோடு, குளிர் அறையில், நித்திரை மருந்தின் மயக்கத்தில் வேறென்ன சொல்லுவார்? வெளியே வாங்கில் இருந்த என்னை யாரும் கூப்பிடவில்லை.

வலப்பக்க முடியுரு நாடியில் ஸ்டென்ட் வைத்தீர்கள். இதயத்தின் முன்பக்கத்துக்கு இரத்தம் கொண்டு போகும் பெரிய நாடி தொடக்கத்திலேயே எண்பது வீதம் ஒடுங்கியிருக்கிறது. அது அப்படியே இருக்கிறது. மூன்று கிழமைக்குப் பிறகு சத்திரசிகிச்சை நிபுணர் படத்தைப் பார்த்துவிட்டு, இவருக்கு முதலே பைபாஸ் செய்திருக்கலாம் என்றார். இப்போது உடனே செய்யவும் தயக்கம். புது ஸ்டென்ட்டில் இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரினோடு குளோபிடோகிரல் குளிசையையும் வழமையாக ஆறு மாதமாவது விடாமல் போடவேண்டும். பைபாஸுக்கோ அந்தக் குளிசையை ஐந்து நாள் முன்னதாக நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் இரத்தப்போக்கு. இடையில் நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென அடைபடலாம். ஒரு நிமிடத்தில் எடுத்த முடிவு அவரை இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்தியிருக்கிறது.

மாரடைப்போடு வருபவரை மேசையில் வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே நிமிடங்கள்தான் உயிர். அடைபட்ட நாடியை உடனே திறக்கவேண்டும். அப்பா அப்படி வரவில்லை. அவருக்கு நாள்கள் இருந்தன, கிழமைகள் இருந்தன.

நீரிழிவு உள்ளவருக்குப் பல நாடிகளில் அடைப்பு இருந்தால் ஏன் கேள்வியே வேறாகிறது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் சனத்துக்குத் தெரியாது. அதனால் கிளினிக்கில் நான் சொல்லும் விதமாகவே சொல்கிறேன். சீனி வருத்தத்தில் கொழுப்பு ஒரு இடத்தில் மட்டும் படிவதில்லை, நாடி நெடுக ஓடிப் படிகிறது. ஸ்டென்ட் என்பது ஒடுங்கிய ஒரு சிறு துண்டைத் தாங்கிப் பிடிக்கும் வலைக்குழாய். அதற்கு மேலும் கீழும் அடுத்த வருடம் புதிதாக ஒடுங்கினால் அதனால் ஒன்றும் செய்ய இயலாது. பைபாஸ் அப்படியில்லை. வாய்க்காலின் தலைப்பகுதி முழுக்கத் தூர்ந்தாலும், கீழே வேறு வாய்க்கால் வெட்டி வயலுக்குத் தண்ணீர் விடுவது போன்றது அது. மேலே எத்தனை புது அடைப்பு வந்தாலும் கீழே இரத்தம் போகும். நெஞ்சுக்கூட்டின் உட்சுவரிலிருந்து எடுத்து முன்பக்க நாடியில் பொருத்தும் நாடி, பத்து வருடம் கழித்தும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கிறது. காலில் எடுக்கும் நாளம் அவ்வளவு நிலைக்காது. பத்து வருடத்தில் ஏறக்குறைய பாதி அடைபடும்.

2012-ல் வெளியான 'ஃபிரீடம்' ஆய்வு அப்பா போன்றவர்களைத்தான் பார்த்தது. நீரிழிவும் பல நாடி அடைப்பும் உள்ள 1,900 பேர். ஐந்து வருடத்தில், ஸ்டென்ட் வைத்த நூறு பேரில் பதினாறு பேர் இறந்தார்கள், பைபாஸ் செய்த நூறு பேரில் பதினொரு பேர். மாரடைப்பு பதினான்குக்கு ஆறு. ஆனால் பாரிசவாதம் பைபாஸ் பக்கம்தான் கூட, இரண்டுக்கு ஐந்து. இந்த மூன்று கணக்கையும் அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல ஐந்து நிமிடம் போதும். மேசையிலிருந்து இறக்கிவிட்டு, தமிழில் சொல்லுங்கள்.

கணக்கு பைபாஸ் என்று சொன்னாலும் முடிவு அதோடு நின்றுவிடாது. என் மனம் ஆறாமல் இருப்பது இந்த இடத்தில்தான். அப்பாவின் இடக்கால் 2009-ல் ஷெல்லடியில் முழங்காலுக்கு மேலே போனது. இரண்டு ஊன்றுகோலில்தான் நடக்கிறார். பைபாஸுக்கு நெஞ்செலும்பை நடுவில் பிளந்து கம்பியால் கட்டுவீர்கள். அது பொருந்தும் வரை, இரண்டு மூன்று மாதம், கையில் பாரம் கொடுக்கக் கூடாது. அப்படியென்றால் அப்பா நடக்கவே முடியாது. நாளத்தை மிச்சமுள்ள ஒற்றைக் காலிலிருந்து எடுத்தால், சீனி உள்ள உடம்பில் அந்தக் காயம் மாற எத்தனை நாள்? கையில் உள்ள நாடியை எடுக்கலாமா? நெஞ்சின் இரு பக்க நாடியையும் எடுத்தால், நீரிழிவுக்காரருக்கு நெஞ்சுக் காயத்தில் கிருமி பிடிக்கும் ஆபத்து கூடுமே? சக்கர நாற்காலிக்கு வீட்டு வாசலைச் சரிசெய்ய எங்களுக்கு ஒரு மாதம் கிடைக்குமா? இவை எல்லாம் அஞ்சியோ படத்தில் தெரியாது. கதைத்தால்தான் தெரியும். எல்லாம் கதைத்த பிறகு, அப்பாவுக்கு ஸ்டென்ட்தான் பொருத்தம் என்றுகூட முடிவாகியிருக்கலாம். அப்படியென்றால் அது அவர் தெரிந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

வன்னியில் அப்பா மாதிரி எத்தனை பேர் என்று நான் எண்ணிச் சொல்லவேண்டியதில்லை. ஒரு கால் இல்லாதவர்கள், நெஞ்சுக்குள் ஷெல் துண்டோடு வாழ்பவர்கள், ஒரு கையால் தோட்டம் செய்பவர்கள். விடிய நாலரைக்கு பஸ் ஏறி வருகிறார்கள். வரிசையில் நிற்கிறார்கள், ஒப்பம் போடச் சொன்ன இடத்தில் போடுகிறார்கள். அப்பா ஒப்பமிட்ட படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. 1987-ல் அரசியலமைப்பிலேயே தமிழும் ஆட்சிமொழி என்று எழுதியாகிவிட்டது. நெஞ்சைத் திறப்பதா இல்லையா என்ற தாளில் மட்டும் ஏன் இன்னும் தமிழ் வரவில்லை? மருந்துத் தட்டுப்பாடு, ஆளணிக் குறைவு எல்லாம் எனக்கும் தெரியும், நானும் அதற்குள்தான் வேலை செய்கிறேன். ஒரு தாளைத் தமிழில் அச்சடிக்க நிபுணர் தேவையில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். மாரடைப்பு இல்லாத நீரிழிவு நோயாளிக்கு இரண்டு மூன்று நாடிகளில் அடைப்புத் தெரிந்தால், தயவுசெய்து அன்று படம் மட்டும் எடுத்து நிறுத்துங்கள். மேசையிலிருந்து இறக்குங்கள். இருதய வைத்தியரும் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து படத்தைப் பாருங்கள். பிறகு நோயாளியையும் வீட்டாரில் ஒருவரையும் இருத்தி, இரண்டு வழியையும் தமிழில் விளங்கப்படுத்துங்கள்.

அப்பாவின் அடுத்த கிளினிக் வரும் மாதம் முதல் செவ்வாய். நானும் கூட வருகிறேன். அன்றைக்கு இரண்டு நிபுணர்களும் ஒரே அறையில் இருந்து அவரோடு பதினைந்து நிமிடம் கதைக்க ஒழுங்கு செய்து தருமாறு பணிவோடு கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாதி, ஒரு மகள்
வன்னி