பேத்தியின் நட்சத்திரமும் 113-ஆவது தனிமமும்

கும்பகோணம்

அன்புள்ள சோமு,

நலம்தானே? ஊர் திரும்பி நாலு நாள் ஆகிறது. உன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்தச் சான்றிதழ் இன்னும் மனத்திலேயே நிற்கிறது. ஒரு விண்மீனுக்குப் பேத்தியின் பெயரை வைத்ததாகச் சொல்லி ஒரு நிறுவனம் விற்றது, அவள் பிறந்தநாளுக்கு மாப்பிள்ளை ஆசையாக வாங்கி அனுப்பியது என்றாய். பொன்னிற முத்திரை, அவள் பெயர், மிதுன மண்டலத்தின் படம், அதில் சிவப்பு வட்டம் போட்ட ஒரு புள்ளி. “இது இனிமேல் உலகம் முழுக்க அவள் பெயர்தானா?” என்று கேட்டாய். குழந்தை பக்கத்தில் நின்றதால் நான் பேச்சை மாற்றிவிட்டேன். உனக்கு முழுசாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இல்லை, சோமு. அது அவள் பெயர் ஆகவில்லை. ஏன் என்று சொல்ல, நான் முப்பது வருஷம் பாடம் எடுத்த தனிம அட்டவணையிலிருந்து தொடங்குகிறேன்.

நாம் படித்தபோது அட்டவணையின் கடைசி வரிசை பாதியில் நின்றுபோயிருக்கும். இப்போது 118 வரை நிரம்பிவிட்டது. அதில் 113-ஆவது தனிமம் நிஹோனியம். ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் கொசுகே மொரிதா என்பவரின் குழு அதை உண்டாக்கியது. கணக்கு எளிது: துத்தநாகத்தின் எண் 30, பிஸ்மத்தின் எண் 83, கூட்டினால் 113. துத்தநாக அணுக்கருக்களை மிக வேகமாக ஓடவிட்டு, மெல்லிய பிஸ்மத் தகட்டின் மேல் மோதவிட வேண்டும். இரண்டு கருக்கள் ஒட்டிக்கொண்டால் புதுத் தனிமம். ஆனால் ஒட்டுவது அவ்வளவு அபூர்வம். முதல் அணு கிடைத்தது 2004 ஜூலை 23 அன்று. இரண்டாவது 2005 ஏப்ரலில். மூன்றாவது 2012 ஆகஸ்டில். ஒன்பது வருஷத்தில் மொத்தம் மூன்றே அணு!

அந்த அணுவும் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம்தான் இருக்கும். அதைப் பிடித்து வைத்துக் காட்ட முடியாது. அது சிதையும்போது ஒவ்வொன்றாக ஆல்பா துகள்களை வெளியே விடும். ஒவ்வொரு தடவையும் அணு எண் இரண்டு குறையும். 113, 111, 109, 107, 105 என்று படி இறங்கும். கீழ்ப் படியில் இருப்பது ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு கருவாக இருந்தால், அங்கிருந்து படிகளை எண்ணிக்கொண்டு மேலே போய், தொடங்கியது 113-தான் என்று நிரூபிக்கலாம். பேரனைப் பார்த்துத் தாத்தாவை அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி.

2004-லேயே அணு கிடைத்துவிட்டதே, பெயர் வைக்க வேண்டியதுதானே? அங்கேதான் விஷயம். வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியமும் இயற்பியலுக்கான பன்னாட்டு ஒன்றியமும் சேர்ந்து ஒரு நிபுணர் குழுவை அமைத்திருந்தன. போதாது என்று அந்தக் குழு சொல்லிவிட்டது. முதல் இரண்டு அணுக்களும் 105-ஆம் படிக்கு வந்ததும் இரண்டாகப் பிளந்துவிட்டன. நடுவில் வரும் 107-ஆம் தனிமத்தின் அந்த வகைக் கருவைப் பற்றி உலகத்தில் இருந்த தகவலும் கொஞ்சம்தான். பேரன் யார் என்பதே சந்தேகமாக இருந்தால் தாத்தாவை எப்படி ஒப்புக்கொள்வது? இன்னொரு பக்கம் ரஷ்ய, அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டாக, 115-ஆம் தனிமம் சிதைந்ததில் 113-ஐ நாங்களும் பார்த்தோம் என்று உரிமை கோரினார்கள்.

மொரிதா குழு கோபித்துக்கொண்டு போகவில்லை. அந்த 107-ஆம் தனிமத்தின் கருவை வேறொரு வழியில் நேரடியாக உண்டாக்கி, அது எப்படிச் சிதைகிறது என்று அளந்தார்கள். அப்புறம் 2012-இல் வந்த மூன்றாவது அணு 105-இல் பிளக்காமல் இன்னும் இரண்டு படி இறங்கி, 103, 101 வரை வந்தது. ஆறு ஆல்பா துகள்கள், ஆறும் வரிசையாக. இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். எழுதும்போதே உடம்பு சிலிர்க்கிறது. 2015 டிசம்பர் கடைசியில், 113-ஐக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள்தான் என்று தீர்ப்பு வந்தது. அதுவரை அட்டவணையில் அதற்கு “உனுன்ட்ரியம்” என்று பெயர். ஒன்று, ஒன்று, மூன்று என்ற இலக்கங்களுக்கான வேர்ச்சொற்களைக் கோத்த தற்காலிகப் பெயர், அவ்வளவுதான்.

கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைப்பது பெயரை முன்மொழிகிற உரிமை மட்டுமே. அதற்கும் வரம்பு உண்டு. ஒரு புராணக் கருத்து, ஒரு தாது, ஒரு இடம், தனிமத்தின் ஒரு பண்பு, அல்லது ஒரு விஞ்ஞானி, இவற்றில் ஒன்றிலிருந்துதான் பெயர் வர வேண்டும். இன்னொரு விதியும் இருக்கிறது: முன்பு ஒரு தனிமத்துக்கு வைத்து, பிறகு தவறென்று கைவிட்ட பெயரை இன்னொன்றுக்கு வைக்கக் கூடாது. பழைய நூல்களைப் படிப்பவர்கள் குழம்பிவிடுவார்கள் என்பதுதான் காரணம்.

இந்த விதி ஜப்பானியருக்கு நேராகவே வந்து முட்டியது. மசடக்க ஒகாவா என்ற ஜப்பானியர் 1908-இல் 43-ஆவது தனிமத்தைக் கண்டுபிடித்ததாக அறிவித்து “நிப்போனியம்” என்று பெயரிட்டார். மற்றவர்களால் அதைத் திரும்பச் செய்துகாட்ட முடியவில்லை, பெயர் போய்விட்டது. அவர் கையில் இருந்தது உண்மையில் 75-ஆவது தனிமம் என்று பின்னால் தெரிந்தது. எண்ணைத் தவறாகப் போட்டதால், கையில் கிடைத்த புதுத் தனிமத்தின் பெருமையை இழந்தார், பாவம். அவர் ஆராய்ந்தது தோரியனைட் என்ற தாது. அது இலங்கைத் தாது, அங்கே அதை 1904-இல் கண்டெடுத்தவர் நம் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாறு எழுதிய அதே குமாரசுவாமிதான். தொடக்கத்தில் அவர் இலங்கையின் கனிமங்களை ஆராய்ந்தவர்.

ஆக நிப்போனியம் என்று வைக்க வழியில்லை. “நிப்போன்”, “நிஹோன்” இரண்டுமே அவர்கள் நாட்டின் பெயரைப் படிக்கிற இரண்டு விதம். இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். 2016 ஜூன் 8 அன்று நிஹோனியம் என்ற பெயரை உலகத்தின் முன் வைத்தார்கள். ஐந்து மாதம் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். நவம்பர் 28 அன்று உறுதியானது. முதல் அணுவிலிருந்து பெயர் வரைக்கும் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல்.

சிறுகோள்களிலும் இதே ஒழுங்குதான். விஸ்வநாதன் ஆனந்த் பெயரில் ஒன்று இருப்பது உனக்குத் தெரியுமே. 1988 அக்டோபர் 10 அன்று ஜப்பானில் கென்சோ சுசுகி என்பவர் அதைப் பார்த்தார். உடனே கிடைத்தது `1988 TP` என்ற அடையாளம் மட்டும். 1988 ஆண்டு, T என்றால் அக்டோபர் முதல் பாதி, P என்றால் அந்த அரை மாதத்தில் பதிவான பதினைந்தாவது பொருள். I என்ற எழுத்தை விட்டுவிட்டு எண்ண வேண்டும், ஒன்று என்ற இலக்கத்தோடு குழம்பிவிடும் என்பதால். பல தடவை அது திரும்ப வந்து, பாதை துல்லியமாகக் கணக்கிடப்பட்ட பிறகுதான் 4538 என்ற நிரந்தர எண். எண் வந்த பிறகுதான் பெயர். கண்டுபிடித்தவருக்குப் பத்து வருஷம் அவகாசம். அவர் முன்மொழியாவிட்டால் மற்றவர்கள் சொல்லலாம். இதற்கும் அப்படித்தான் நடந்தது. பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பெயரிடும் குழுவில் இருந்த மைக்கேல் ருடென்கோ, சதுரங்கப் பிரியர், ஆனந்த் பெயரைச் சொன்னார். 2015-இல் குழு ஏற்றது. பெயர் பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் ‘விஷியானந்த்’ என்று ஒரே சொல்லாக வைத்தார்கள். அரசியல்வாதி என்றால் இறந்து நூறு வருஷம் ஆகியிருக்க வேண்டும். வியாபாரப் பெயர் கூடாது. இதில் எங்கேயும் யாரும் காசு கட்டுவதில்லை.

இப்போது உன் சான்றிதழுக்கு வருகிறேன். அதன் அடியில் இரண்டு எண்கள் இருந்தன அல்லவா? அவை வானத்தில் அந்தப் புள்ளியின் முகவரி. அன்றைக்கே கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். வானியலாளர்கள் பயன்படுத்தும் ‘சிம்பாட்’ என்ற தரவுத்தளம் இணையத்தில் யாருக்கும் திறந்தே இருக்கிறது. அதில் அந்த எண்களைத் தட்டினேன். விண்மீன் நிஜமாகவே இருக்கிறது. அதற்குப் பழைய, புதிய அட்டவணை எண்கள் சில இருக்கின்றன. குழந்தையின் பெயர் எங்கும் இல்லை. பிரகாசம் பதினொன்றாம் படிநிலை. நல்ல இருட்டில் நம் கண்ணுக்கு ஆறாம் படிநிலை வரைதான் தெரியும். சாதாரண பைனாகுலரிலும் இது தெரியாது, தொலைநோக்கி வேண்டும்.

அந்த நிறுவனம் செய்தது இதுதான்: அட்டவணையில் உள்ள ஒரு விண்மீனை எடுத்து, தன் சொந்தப் பதிவேட்டில் ஒரு பெயரை எழுதிக்கொண்டது. அந்தப் பதிவேட்டுக்குக் காப்புரிமை உண்டு என்று சான்றிதழில் போட்டிருக்கிறார்கள். ஒரு புத்தகத்துக்குக் காப்புரிமை இருந்தால் யாரும் அதை அச்சடித்து விற்க முடியாது, அவ்வளவுதான். அதில் எழுதிய பெயரை யாரும் ஏற்க வேண்டும் என்று ஆகாது. இன்னொரு கடை இதே விண்மீனை நாளைக்கே வேறொரு குழந்தையின் பெயரில் விற்கலாம், தடுக்க ஆள் இல்லை. எனக்கு வருத்தம் இதில்தான். மொரிதா ஏழு வருஷத்துக்கு மேல் மூன்றாவது அணுவுக்காகக் காத்திருந்தாரே, அந்தச் சோதனை எதுவும் இங்கே நடக்கவே இல்லை. மாப்பிள்ளையைக் குறை சொல்லாதே. அவர் அன்பு நிஜம். சான்றிதழும் சுவரிலேயே இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் போய் அது அதிகாரப்பூர்வமான பெயர் என்று குழந்தை சொல்லிவிடக் கூடாது, அதற்கு முன்னால் நீ சொல்லிவிடு.

விண்மீன்களுக்கு அதிகாரப்பூர்வமாகப் பெயரே கிடையாதா என்றால், உண்டு. பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2016-இல் அதற்கென்று ஒரு குழு அமைத்து, பல நாட்டு மக்கள் காலங்காலமாக வழங்கிவரும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பட்டியலில் சேர்க்கிறது. அந்தப் பட்டியலில் நம் ரேவதி இருக்கிறது. பரணியும் இருக்கிறது, மேஷ மண்டலத்தில் 41 என்ற எண் கொண்ட விண்மீனுக்கு.

பேத்தியின் நட்சத்திரம் பரணி என்று அன்றைக்கு உன் வீட்டில் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? மார்கழியில் இரவு ஒன்பது மணிக்கு அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போ. தலைக்கு மேலே கார்த்திகைக் கொத்தைக் காட்டு. கையை நீட்டி ஒரு சாண் விரித்து மேற்கே அளந்தால், அதற்குள் மூன்று விண்மீன்கள் சின்ன முக்கோணமாக, அடுப்புக் கல் வைத்த மாதிரி இருக்கும். மூன்றில் பிரகாசமானதுதான் அது. தெரு விளக்கு உன் மாடியில் அடிக்கும், தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நின்று பாருங்கள். தெரிந்ததா என்று எழுது.

அன்புடன்,
ராமு