நாலாவதாக வந்த பிள்ளையின் சார்பாக: பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லித்தரும் மாஸ்டர்களுக்கும் போட்டி நடத்தும் கிளப்காரர்களுக்கும் வணக்கம்.

நம் மாவட்டத்துப் பெண் ஆர். அனு 2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை 56.92 விநாடியில் முடித்தார். நாலாவது இடம். முதலாவதாக வந்த பஹ்ரைன் வீராங்கனை கெமி அடெகோயா ஸ்டானோசோலால் என்ற ஸ்டீராய்டு எடுத்திருந்தது பரிசோதனையில் பிடிபட்டது. அவருக்கு நான்கு ஆண்டு தடை. அனுவுக்கு வெண்கலம் என்ற செய்தி வந்தபோது 2020 ஜூலை ஆகியிருந்தது. அதே அடெகோயா கலப்புத் தொடர் ஓட்டத்திலும் ஓடியிருந்தார். அதனால் திருச்சிக்காரர் ஆரோக்கிய ராஜீவ் இருந்த நம் அணியின் வெள்ளியும் தங்கமாக மாறியது.

கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேடையில் நிற்க வேண்டிய அந்த நேரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. நாலாம் இடத்துக்கு நம் ஊரில் யார் மாலை போடுகிறார்கள்? ஆசிய விளையாட்டில் பரிசோதனையாவது இருந்தது, தாமதமாகவேனும் உண்மை வெளிவந்தது. நம் ஊர்ப் போட்டிகளில் சிறுநீர் மாதிரி எடுக்க யார் வருகிறார்கள்? கிரேஸ் மார்க்கும் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டும் அன்றைக்கு ஜெயித்த பிள்ளைக்குப் போய்விடும். ஏமாந்த பிள்ளைக்குத் தான் ஏமாந்ததே தெரியாது.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு என்பது ஓட்டத்தன்று போட்டதும் கால் பறக்கிற மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கடும் பயிற்சியில் தசை நார்கள் சிதைகின்றன, அவை ஆற நாள் பிடிக்கும். ஸ்டீராய்டு அதைச் சீக்கிரமாக ஆற்றி, புதுத் தசையையும் கூட்டுகிறது. மற்ற பிள்ளை ஓய்வெடுக்கும் நாளில் இந்தப் பிள்ளை மறுபடியும் முழு வேகத்தில் ஓட முடிகிறது. போட்டிக்கு முன்பே மருந்தை நிறுத்திவிட்டாலும் சம்பாதித்த பலம் உடனே போய்விடாது. போட்டி இல்லாத நாட்களிலும் திடீரென்று வந்து மாதிரி கேட்பது இதனால்தான்.

'இயற்கையே எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கலையே, ஒருத்தனுக்கு நீளக் கால், ஒருத்தனுக்கு வசதியான வீடு' என்று சிலர் வாதிடுகிறார்கள். வசதிக் குறைவு உண்மைதான். அதைச் சரிசெய்ய ஷூவும் முட்டையும் நல்ல தடமும் கேட்டுப் போராடுவோம், நானும் வருகிறேன். ஆனால் இந்தக் காலும் இந்த உழைப்பும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கத்தானே எட்டுப் பேரும் கோட்டில் வந்து நிற்கிறார்கள்? ஊசி போட்டவர் அந்தக் கேள்விக்கே பதில் கிடைக்காமல் செய்துவிடுகிறார். அதைவிட மோசமானது அடுத்து நடப்பது. ஒருவர் போட்டால் பக்கத்து லேன் பிள்ளைக்கு இரண்டே வழி: தானும் போடணும், இல்லாவிட்டால் ஓட்டத்தை விடணும். யார் பிள்ளையையும் அந்த இடத்தில் நிறுத்த நமக்கு உரிமை இல்லை.

2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் பரிசோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பலர் மைதானத்தை விட்டே போய்விட்டார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஓடியது ஒரே ஒருவர். அந்த நிலை இங்கே வர வேண்டாம்.

பிள்ளைகளின் உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் குரல் தடிக்கலாம், மாதவிடாய் நிற்கலாம். தடித்த குரல் மருந்தை நிறுத்தினாலும் பழையபடி ஆகாமல் போகலாம். மாத்திரையாக வரும் ஸ்டீராய்டுகளில் பல கல்லீரலைக் கெடுப்பவை. வளரும் வயதில் சில ஸ்டீராய்டுகள் எலும்பின் வளர்ச்சியை முன்கூட்டியே முடித்து உயரத்தைக் குறைத்துவிடும். பதினைந்து வயதுப் பிள்ளை 'மாஸ்டர் கொடுத்தாரு' என்று வாங்கி விழுங்குவதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. பிடிபட்டால் உடம்பில் இருப்பதற்குப் பொறுப்பு ஓடியவருடையதுதான் என்பது விதி. சிறு வயதினருக்குத் தண்டனையில் சலுகை உண்டு. கொடுத்த பயிற்சியாளருக்கோ ஆயுள் தடை வரை போகலாம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். பிள்ளைக்குக் கொடுக்கும் மாத்திரை, பவுடர், ஊசி எல்லாவற்றின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி, பெற்றோர் எப்போது கேட்டாலும் காட்டுங்கள். லேபிள் இல்லாத டப்பாவை உள்ளே விடாதீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் மைதானத்தில் யாரும் ஊசி எடுக்கக்கூடாது என்று போட்டி நோட்டீசிலேயே அச்சடியுங்கள். அடுத்த சீசனுக்கு நோட்டீஸ் அடிப்பதற்கு முன் கிளப்கள் ஒருமுறை கூடிப் பேசினால் போதும், இதை முடிவு செய்துவிடலாம். கூட்டம் எங்கே, எப்போது என்று சொல்லுங்கள். மற்ற பெற்றோரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓடும் பிள்ளை ஒருத்தியின் தாய்