முட்டை ஏன் தெறிக்கிறது, தம்பி

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கையைக் காட்டினாயே, மணிக்கட்டுக்கு மேலே மூன்று சிவப்புப் புள்ளி. அதைப் பார்த்ததில் இருந்து எனக்கு மனம் சரியில்லை. "இனி முட்டையை அவித்தே சாப்பிடுகிறேன் அம்மா" என்றாய். அது வேண்டாம். நீ சின்ன வயதில் பொரித்த முட்டையில் கரை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு நடுவை அக்காவிடம் தள்ளிவிடுகிற பிள்ளை. சட்டைக்குத் தைக்கிற லேஸ் மாதிரி ஓட்டை ஓட்டையாக, முறுகி, பொன்னிறமாக இருக்கிற அந்தக் கரையை நீயே செய்யலாம், கையும் சுடாது. எங்கே பிழைத்தது என்று விளங்க வேண்டும், அவ்வளவுதான்.

நீ செய்ததாகச் சொன்னது இது. தாச்சியைக் கழுவி அடுப்பில் வைத்தாய். தேங்காய் எண்ணெய் போத்தலில் உறைந்திருந்தது, கரண்டியால் தோண்டிப் போட்டாய். (அது பரவாயில்லை, 24 பாகைக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும், உங்கள் குளிருக்கு அப்படித்தான் இருக்கும்.) எண்ணெய் புகைய ஆரம்பித்ததும் பயந்து அடுப்பைக் குறைத்தாய், உடனே குளிர்சாதனப் பெட்டியில் இருந்த முட்டையைத் தாச்சி ஓரத்தில் தட்டி உடைத்து மேலே இருந்து விட்டாய், தெறித்தது, மூடியால் மூடினாய், திறந்தபோது இன்னும் மோசமாகத் தெறித்தது. இதில் ஒவ்வொரு படியிலும் தண்ணீர் ஒளிந்திருக்கிறது.

நான் இத்தனை வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள், பொறுத்துக்கொண்டு வாசி. முட்டை வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தண்ணீர் 100 பாகையில் கொதித்து ஆவியாகும், ஆனால் நல்லாகக் காய்ந்த எண்ணெய் 180, 190 பாகையில் நிற்கும். தண்ணீர் எண்ணெயை விடப் பாரம், அதனால் எண்ணெயில் விழுந்த துளி மேலே மிதக்காமல் அடிக்குப் போய்விடும், அடியில் போய்ச் சூடேறி சட்டென்று ஆவியாகும். ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு பெருக்கும். ஒரு மில்லிலீட்டரில் 20 துளி என்று வைத்துக்கொண்டால் ஒரே ஒரு துளி 80 மில்லிலீட்டருக்கு மேல் ஆவியாகிறது, அரைக் கோப்பை தேத்தண்ணி அளவு! அவ்வளவு ஆவியும் ஒரு கணத்தில் எண்ணெயைக் கிழித்துக்கொண்டு மேலே வரும்போது கூடவே எண்ணெயையும் எறியும். உன் கையில் பட்டது அந்த எண்ணெய்தான்.

இப்போது முக்கியமான விசயம். அந்த லேஸ் கரையைச் செய்வதும் இதே ஆவிதான். வெள்ளைக்கரு 60 பாகைக்கு மேலே இறுகத் தொடங்கும், 80 வந்தால் கெட்டியாகிவிடும். சூடான எண்ணெயில் விட்டதும் ஓரத்தில் மெல்லியதாகப் பரவின வெள்ளைக்கருவை ஆவிக்குமிழ்கள் துளைத்துக்கொண்டு வரும், அந்தத் துளைகள் மூடுவதற்கு முதல் சுற்றியுள்ள வெள்ளைக்கரு இறுகிவிடும், அப்புறம் அதில் உள்ள தண்ணீர் போய்க் காய்ந்து சிவக்கும். அதுதான் லேஸ். எண்ணெய் சூடு காணாவிட்டால் ஆவி மெதுவாகக் கசியும், துளை விழாது, வெள்ளையாக ரப்பர் போல வரும், எண்ணெயும் குடித்துவிடும். ஆகவே தெறிப்பே இல்லாமல் முறுகல் கரை வராது. முட்டைக்குள் இருக்கிற தண்ணீரை ஒன்றும் செய்ய முடியாது. வெளியில் இருந்து வருகிற தண்ணீரை நிறுத்தலாம், ஆவி எந்தப் பக்கம் போகிறது என்பதையும் நாம் தீர்மானிக்கலாம்.

உன் தாச்சி ஈரம். துடைத்தேன் என்பாய், ஆனால் கைபிடி பூட்டின ஆணி இடுக்கில் தண்ணீர் நிற்கும். வெறும் இரும்புத் தாச்சி அல்லது சில்வர் தாச்சியை எண்ணெய் விடாமல் அரை நிமிடம் அடுப்பில் வைத்து முழுக்க உலரவிட்டுப் பிறகு எண்ணெய் போடு. ஒட்டாத பூச்சுப் பூசினது என்றால் வெறுமையாகச் சூடாக்காதே, துணியால் நல்லாகத் துடைத்துவிட்டு எண்ணெயோடு வை. போத்தலுக்குள் விடுகிற கரண்டியும் காய்ந்திருக்க வேண்டும். பட்டர் போடாதே, அதில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். முட்டையை முதலே வெளியில் எடுத்து வை. குளிர்ந்த ஓடு காற்றில் வியர்க்கும், அந்த வியர்வைத் துளி ஓட்டோடு சேர்ந்து எண்ணெய்க்குள் விழும். துடைத்துவிட்டு ஒரு காய்ந்த சின்னக் கிண்ணத்தில் உடைத்து வை. ஒருநாளும் தாச்சிக்கு மேலே உடைக்காதே.

அடுத்தது உன் அடுப்பு. இதை நீ சொன்ன பிறகுதான் யோசித்தேன். இங்கே பின் குசினியில் விறகு அடுப்பில் பொரிக்கும்போது முட்டை விடுவதற்கு முதல் கொள்ளியை வெளியே இழுத்துவிடுவேன், உடனே சூடு தணியும். உன்னுடையது சுருள் வளைய மின்னடுப்பு, திருகியைக் குறைத்தாலும் வளையம் சிவந்தபடியே கிடந்து தாச்சியைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். குறைத்துவிட்டேன் என்று நீ நம்பின நேரம் எண்ணெய் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே புகை கண்டால் திருகியோடு நிற்காதே, தாச்சியை மெதுவாகத் தூக்கிப் பக்கத்தில் உள்ள ஆறின வளையத்தில் வை. எண்ணெய் புகைந்தால் சூடு அளவுக்கு மேலே போய்விட்டது, முட்டையும் கசக்கும்.

சரியான சூட்டை எப்படி அறிகிறது? ஒரு காய்ந்த பாண் துகளைப் போட்டுப் பார். சுற்றிக் குமிழ் வந்து அரை நிமிடம் போலப் பொன்னிறமானால் சரி. பத்து எண்ணுவதற்குள் கறுத்தால் கூடிவிட்டது. சும்மா கிடந்தால் பொறு. தண்ணீர் தெளித்து மட்டும் பார்க்காதே, ஏன் என்று இப்போது உனக்கே தெரியும்.

நேற்றுப் பின்னேரம் உனக்காக மூன்று முட்டை பொரித்துப் பார்த்தேன், குழிந்த தாச்சியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். முதலாவது, எங்கள் கறுத்தக் கோழி காலையில் இட்டது. வெள்ளைக்கரு திரண்டு நின்றது, பரவவே இல்லை, லேஸ் ஒரு விரல் அகலம்கூட வரவில்லை. ஆனால் அடியில் ஆவி சிக்கி வெள்ளைக்கரு கொப்பளம் போல ஊதி, ஒரு நிமிடம் கழித்து டப் என்று வெடித்தது. முதல் சத்தம் அடங்கிவிட்டது என்று ஆட்கள் குனிகிற நேரம் இதுதான். இரண்டாவது, கடையில் வாங்கிப் பத்து நாள் வெளியில் கிடந்தது. நாள் போகப் போக வெள்ளைக்கரு தண்ணீராகிவிடும், விட்டதும் தாச்சி முழுக்க ஓடியது, சடசடவென்று அடுப்புச் சுவர் வரை தெறித்தது. லேஸ் பெரிதுதான், ஆனால் நடுவில் மஞ்சள்கருவைத் தாங்க ஒன்றும் இல்லை. மூன்றாவது, இட்டு நாலைந்து நாள். அதுதான் சரி. நடுவில் திரண்டும் ஓரத்தில் இரண்டு விரல் அளவுக்கு லேஸுமாக வந்தது. உன் கடை முட்டை எத்தனை நாள் பழசோ, கிண்ணத்தில் உடைத்துப் பார்த்தால் தெரியும். ஓரத்தில் தண்ணீர் மாதிரி நிறைய ஓடினால் கண் பெரிதான வடியில் விட்டு ஒரு கணம் ஆட்டு, ஓடுகிற தண்ணீர்ப் பகுதி கொஞ்சம் இறங்கட்டும். முழுதும் வடிக்காதே, லேஸாவது அதுதான்.

விடுகிற விதம்: தாச்சியின் கைபிடி உள்பக்கம் திரும்பியிருக்கட்டும், நீளக் கைப் பருத்திச் சட்டை போடு. கிண்ணத்தின் விளிம்பை எண்ணெய்க்கு ஒரு விரல் உயரத்துக்குக் கொண்டுபோய், உன் பக்கத்தில் இருந்து அப்பால் வழுக்குகிற மாதிரி சாய்த்து விடு. பயத்தில் எல்லாரும் உயரத்தில் இருந்துதான் விடுவார்கள், அப்போதுதான் எண்ணெய் எகிறும். விட்டதும் ஓர் அடி பின்னால் நில். பத்து, பதினைந்து விநாடியில் பெரிய சத்தம் தணியும். பிறகு கரண்டியால் எண்ணெயை அள்ளி வெள்ளைக்கருவின் மேல் மட்டும் ஊற்று, மஞ்சளில் ஊற்றாதே. எங்காவது கொப்பளம் ஊதினால் நீளப் பிடித் தட்டகப்பையின் நுனியால் தூர இருந்து குத்திவிடு, ஆவி போய்விடும். ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் சத்தம் மெலிந்து மெல்லிய கிறுகிறுப்பாக மாறும். ஓரத்தில் தண்ணீர் முடிந்துவிட்டது என்று அர்த்தம், எடு. உப்பு, மிளகுத்தூள் எல்லாம் கோப்பையில் போட்ட பிறகு.

மூடி போடாதே. ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகித் திரும்ப எண்ணெய்க்குள் சொட்டும், உன் இரண்டாவது தெறிப்பு அதனால்தான். மறைப்பு வேண்டுமென்றால் முழுக்க உலோகத்தில் செய்த அரிதட்டைக் கவிழ்த்து வை, ஆவி போகும், எண்ணெய் தங்கும். பிளாஸ்டிக் விளிம்பு உள்ளது உருகும். மூடி பக்கத்தில் இருக்கட்டும், அது வேறு வேலைக்கு: எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை நிறுத்தி மூடியைப் போட்டு அப்படியே விடு. தூக்கிக்கொண்டு ஓடாதே, தண்ணீர் மட்டும் ஊற்றவே ஊற்றாதே. ஒரு துளிக்கே அரைக் கோப்பை ஆவி என்றேன், ஒரு செம்புத் தண்ணீர் எரிகிற எண்ணெயைக் கூரைவரை எறியும்.

கையில் பட்டால் பற்பசை பூசுகிற வேலை வேண்டாம். குழாயைத் திறந்து ஓடுகிற குளிர்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடி. நீ இரண்டு நிமிடம் பிடித்தேன் என்றாய், அது காணாது. அந்தப் புள்ளிகள் இப்போது கொப்பளமா, காய்ந்துவிட்டதா? படம் எடுத்து அனுப்பு. உன் தாச்சி எதில் செய்தது என்றும் பார்த்துச் சொல், அதைப் பொறுத்து எவ்வளவு நேரம் சூடாக்குவது என்று எழுதுகிறேன்.

அம்மா