அதே செய்தி, இரண்டு கரை

மட்டக்களப்பு, அம்பாறைப் பிராந்தியச் செய்தியாளர்களுக்கு வணக்கம்.

2023 இல் அரசின் அஸ்வெசும உதவித்தொகைப் பட்டியல் வெளியானபோது, பெயர் விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்யலாம் என்று வானொலியிலும் பத்திரிகையிலும் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். ஆசிரியையான என் மச்சாள் ஒரு தடவை கேட்டதுமே, பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் தோழியிடம் விசாரித்துத் தன் தங்கைக்காக விண்ணப்பித்துவிட்டாள். மண்டூரிலிருந்து ஓடத்தில் தயிர்ச்சட்டி கொண்டுவரும் அக்காவும் அதே செய்தியைக் கேட்டிருந்தா. “மேன்முறையீடு எண்டா கோட்டுக்குப் போறது எண்டு நினைச்சன் தம்பி” என்றா. அதற்குள் தவணை முடிந்துவிட்டது.

இது அந்த அக்காவின் கவனக்குறைவு அல்ல. 1970 இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டிச்சனர், டொனஹியூ, ஒலியன் ஆகிய மூவர் இதற்கு ‘அறிவு இடைவெளிக் கருதுகோள்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு விடயம் ஊடகங்களில் எவ்வளவு அதிகமாகப் பேசப்படுகிறதோ, அவ்வளவுக்குப் படித்தவர்கள் வேகமாக அறிந்துகொள்கிறார்கள். மற்றவர்களும் அறிகிறார்கள், ஆனால் மெதுவாக. அதனால் செய்தி கூடக்கூட இடைவெளியும் கூடலாம். மனிதன் நிலவுக்குப் போவானா என்று அமெரிக்காவில் 1949 முதல் 1965 வரை எடுத்த கருத்துக்கணிப்புகளை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். போவான் என்ற நம்பிக்கை எல்லாரிடமும் வளர்ந்தது, கல்லூரி வரை படித்தவர்களிடம் இன்னும் வேகமாக வளர்ந்தது.

காரணங்களில் இரண்டு என் மச்சாளிடமே தெரிகின்றன. மேன்முறையீடு என்றால் என்னவென்று அவளுக்கு முன்பே தெரியும், புதுச் செய்தி பழைய அறிவில் போய் ஒட்டிக்கொண்டது. சந்தேகம் கேட்கவும் ஆள் இருந்தது. தயிர்க்கார அக்காவுக்கு இரண்டுமே இல்லை. செய்தியை இன்னும் பத்துத் தடவை வாசித்திருந்தாலும் அந்தச் சொல் அவவுக்குக் கோட்டு வழக்காகத்தான் இருந்திருக்கும்.

எல்லாவற்றிலும் இப்படி நடக்கிறது என்று சொல்லமாட்டேன். அதே மூவர் 1975 இல் எழுதியபோது, ஊரைச் சுடுகிற உள்ளூர்ப் பிரச்சினை என்றால், அதிலும் சர்ச்சை இருந்தால், இடைவெளி சுருங்கக்கூடும் என்றார்கள். எல்லாரும் சந்தியிலும் கடையிலும் அதையே பேசுவார்கள். அக்கறை இருந்தால் படிப்புக் குறைந்தவர்களும் ஈடுகொடுப்பார்கள் என்று பின்னர் வேறு ஆய்வாளர்களும் வாதிட்டார்கள். நெல்லுக்கு என்ன விலை என்று படுவான்கரையில் கேட்டுப் பாருங்கள், எழுவான்கரைப் பட்டதாரி தோற்றுப்போவார்.

ஆனால் அஸ்வெசும அக்கறை இல்லாத விடயமா? அக்கறை நிறைய இருந்தது, வழிதான் புரியவில்லை. அதனால் கேட்கிறேன்: இனி இப்படியான அறிவித்தல் வரும்போது முதல் வரியிலேயே “பெயர் இல்லையா? சட்டத்தரணி தேவையில்லை, இன்ன திகதிக்குள் இன்ன இடத்துக்குப் போங்கள்” என்று எழுதுங்கள். முதல் நாள் விளக்கியாயிற்று என்று மறுநாள் விடாதீர்கள், மறுநாள்தான் முதன்முதலாகக் கேட்பவர்கள் நிறையப் பேர். அச்சுக்கு அனுப்பும் முன் குருமண்வெளி ஓடத்துறையில் நிற்கிற ஒருவருக்கு அதை வாசித்துக் காட்டி, “இப்ப என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். அவர் எந்த அலுவலகத்துக்கு, எப்போது போகவேண்டும் என்று சொல்லாவிட்டால், திரும்ப எழுதுங்கள்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகன்