கொடுமுடியைக் கோடுமுடியாக எண்ணும் கணிப்பொறி: வெண்பாப் போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வெண்பாப் போட்டி நடத்தும் மன்றத்துப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கமுங்க. ஈரோட்டில் தட்டச்சு, டிடிபி வேலை செய்து பிழைப்பவன் நான். "கொங்கு நாட்டு ஊர்கள்" என்ற தலைப்பில் உங்களுக்கு வந்த வெண்பாக்களில் சில என் கடையில் தட்டியவை. அவற்றில் பல "தளைப்பிழை உள்ளது, இலக்கணம் கற்று மீண்டும் அனுப்புக" என்ற ஒரே வரியோடு திரும்பி வந்தன. அந்தப் பாட்டுகளில் தளை பார்த்தது ஆள் இல்லை, நீங்கள் வைத்திருக்கும் கணினி நிரல். கேட்பது ஒன்றுதான்: திருப்பி அனுப்பிய பாட்டையெல்லாம் யாப்பு தெரிந்த ஒரு மனிதரைக் கொண்டு மறுபடி பாருங்கள்.

எங்கள் புலவரய்யா அனுப்பிய வெண்பாவின் முதலடி இது:

காவிரி பாயும் கொடுமுடி கண்டதும்

கா/விரி கூவிளம். பா/யும் தேமா. கொடு/முடி கருவிளம். கண்/டதும் கூவிளம். விளத்துக்கு முன் நேர் வர வேண்டும், 'பா' வருகிறது. மாவுக்கு முன் நிரை வர வேண்டும், 'கொடு' வருகிறது. மறுபடி விளத்துக்கு முன் நேர், 'கண்' வருகிறது. ஒரு குறையும் இல்லை. ஆனால் உங்கள் நிரல் 'பாயும்' என்ற சொல்லில் சிவப்புக் கோடு போட்டு, தளை தட்டுகிறது என்றது.

பிழை 'பாயும்' என்ற சொல்லில் இல்லை, அடுத்த சொல்லில் நிரல் எண்ணிய கணக்கில் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக வைக்கலாம். க என்ற எழுத்தோடு ொ என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒரு விதம் (U+0BCA). ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு விதம் (U+0BC6, U+0BBE). திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். பழைய எழுத்துருக்களில் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்று தட்டித்தான் பழக்கம். அந்தக் கோப்பை யுனிகோடுக்கு மாற்றும்போது சில மாற்றிகள் கொம்பைக் க எழுத்துக்குப் பின்னால் நகர்த்துவதோடு நின்றுவிடுகின்றன, கொம்பையும் காலையும் ஒன்றாக்குவதில்லை. உங்கள் நிரல் அந்தக் காலைக் கண்டதும் நெடில் என்று முடிவுகட்டுகிறது. கொடு/முடி என்று இரண்டு நிரையாகப் பிரிய வேண்டிய சொல், அதன் கணக்கில் கோ/டுமு/டி என்று கூவிளங்காய் ஆகிறது. நிரையில் தொடங்க வேண்டிய சீர் நேரில் தொடங்கிவிட்டது. முன்னால் நிற்கிற தேமாவுக்கு அது ஒத்துவராது. பழி 'பாயும்' தலையில் விழுகிறது.

அய்யாவுக்கு எண்பது வயது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏங் கண்ணு, 'பாயும்' தேமாதானே? எப்பத்திலிருந்து மாறுச்சு?" என்று கேட்டார். அப்புறம் அவரே 'பாயும்' என்பதை அடித்துவிட்டு 'பாய்கிற' என்று எழுதினார். "காவிரி பாய்கிற கொடுமுடி கண்டதும்" என்று அனுப்பினோம். உங்கள் நிரல் பச்சை விளக்குக் காட்டியது! பாய்/கிற கூவிளம், அடுத்து வருவது 'கொடு' என்ற நிரை. விளத்துக்கு முன் நிரை வந்தால் நிரையொன்றாசிரியத்தளை, வெண்பாவுக்கு ஆகாது. சரியான அடியைத் தள்ளிவிட்டுத் தப்பான அடியை ஏற்றுக்கொண்டீர்கள். வாழ்நாள் முழுக்க யாப்பு சொல்லிக் கொடுத்தவரையே தளை தட்டவைத்த பெருமை உங்கள் மன்றத்தைச் சேரும்.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது, "கொங்கு என்று எத்தனையோ பாட்டில் வருகிறது, அதெல்லாம் சரியாகத்தானே போகிறது" என்று பதில் வந்தது. போகத்தான் செய்யும். 'கொங்' என்பதில் குறிலுக்குப் பின் ஒற்று வருவதால் அது நேர். நிரல் அதை நெடில் என்று எண்ணினாலும் நெடிலும் ஒற்றும் சேர்ந்து நேர்தான். பொள்ளாச்சி, கொல்லிமலை, நொய்யல் எல்லாம் இதே கணக்கில் தப்பித்துவிடும். ஒற்று இல்லாத குறில் அசையின் முதலில் நின்று, அடுத்த எழுத்தோடு சேர்ந்து நிரையாகும் இடத்தில்தான் குட்டு வெளிப்படும். கொடுமுடி அப்படி ஒரு ஊர், மொடக்குறிச்சி இன்னொன்று. மொடக்/குறிச்/சி என்ற கருவிளங்காயை உங்கள் நிரல் மோ/டக்/குறிச்/சி என்று நாலசைச்சீர் ஆக்கி, வெண்பாவில் வராத சீர் என்று தள்ளுகிறது. மொடக்குறிச்சிக்காரர்கள் தங்கள் ஊர்ப்பெயரை வைத்து வெண்பாவே எழுதக் கூடாதுங்களா?

திருக்குறள் முழுவதையும் ஓட்டிப் பார்த்தோம் என்றும் சொன்னீர்கள். நேராக யுனிகோடில் தட்டிய பாடமாக இருந்தால் ொ ஒரே குறியாக இருக்கும். அதில் இந்தப் பிழை எப்படிச் சிக்கும்? சந்தேகம் இருந்தால் என் கோப்பைத் திறந்து, 'கொ' எழுத்தின் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்துங்கள். பெரும்பாலான எடிட்டர்களில், இரண்டாக இருந்தால் கால் மட்டும் போய் 'கெ' நிற்கும், ஒன்றாக இருந்தால் 'க' நிற்கும். கொடுமுடியின் நீளத்தை எண்ணச் சொன்னால் ஒன்றில் 8 வரும், மற்றதில் 9 வரும். திருத்தமும் பெரிய வேலை இல்லை. குறில் நெடில் எண்ணத் தொடங்குவதற்கு முன்னால் இந்த இரண்டு வரி போதும்:

```python
import unicodedata
text = unicodedata.normalize("NFC", text)
```

பிரிந்து கிடக்கும் கொம்பும் காலும் இதில் ஒன்றாகிவிடும். ஒன்றை மட்டும் இது தீர்க்காது. பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ள எழுத்தும் போட்டு 'கெளதமன்' என்று தட்டுகிறார்கள். கௌ/தமன் நேர் நிரை. கெள/தமன் என்றால் நிரை நிரை. ள தனி எழுத்து என்பதால் NFC அதைத் தொடாது, அதற்குத் தனி விதி எழுத வேண்டும், அல்லது ஆள் பார்க்க வேண்டும். ஆள் பார்க்க வேண்டும் என்பதைத்தான் முதலிலிருந்தே கேட்கிறேன்.

ரேஷன் கடையில் கைரேகை விழாவிட்டால் எதிரே நிற்கிற ஆளையே இல்லை என்பார்கள். இப்போது வெண்பாவுக்கும் அந்த நிலைமை வந்தாச்சு. நன்னூல் இலக்கணம் எழுதிய பவணந்தி முனிவர் எங்கள் சீனாபுரத்துக்காரர் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். அவர் இன்றைக்குப் பழைய எழுத்துருவில் ஒரு வெண்பா அனுப்பினால் அவருக்கும் "இலக்கணம் கற்று மீண்டும் அனுப்புக" என்றுதான் பதில் போகும்போலிருக்கிறது. சரி, கோபம் எங்கேயோ இழுத்துப் போகிறது, மன்னிக்கணும்.

பணிவாகவே கேட்கிறேன். தளைப்பிழை என்று திருப்பிய வெண்பாக்களை யாப்பறிந்தவர் கண்ணால் ஒருமுறை பாருங்கள். நிரல் சந்தேகத்தை மட்டும் சொல்லட்டும், தள்ளுவதா வேண்டாமா என்பதை ஆள் முடிவு செய்யட்டும். கொடி, பொருள், மொழி, தொழில் என்ற நான்கு சொற்களையும் இரண்டு விதமாகவும் தட்டி ஒரு கோப்பாக இந்த மடலோடு அனுப்பியிருக்கிறேன். எட்டும் நிரை என்று வந்தால் உங்கள் நிரல் திருந்திவிட்டது என்று பொருள். அதுவரைக்கும் அய்யாவின் அடியில் 'பாய்கிற' என்பதை எடுத்துவிட்டு 'பாயும்' என்றே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈரோட்டுத் தட்டச்சுக்காரன்